கன்னத்தில் இருந்தது கறை இல்லை

தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "யாருடி இது?"

அவள் அம்மாதான். என் ஆயா. 1964இல் பர்மாவை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் அங்கே ஒரு ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஆயா பக்கத்தில் நிற்பாள். பெரியம்மாவுக்குப் பத்து வயது, அம்மாவுக்கு ஏழு. மாமா அப்போது பிறக்கவில்லை. அந்தப் படத்தைத்தான் தம்பி போனில் ஒரு செயலியில் போட்டு, அரை நிமிஷத்தில் கலராக்கி அனுப்பியிருந்தான். ஆயா செத்துப் பத்து வருஷம் ஆகிறது, பெரிதாக பிரேம் போட்டு மாட்டலாம் என்று மாமா சொன்னதற்காகச் செய்தது. தம்பியைக் குறை சொல்ல முடியாது. அவனுக்கு ஆயாமேல் பிரியம்.

படத்தில் இருந்த பெண் சிவப்பாக இருந்தாள். உதட்டில் ரோஸ் நிறம். தாடை ஒடுங்கி, மூக்கு கூர்மையாகி, கண்ணில் ஒரு மினுக்கம் வந்திருந்தது. அழகாகத்தான் இருந்தாள். ஆனால் அம்மா அறுபது வருஷம் பழகிய முகம் அதில் இல்லை. "கன்னத்துல பூசி இருந்தாங்களே, அது எங்க?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டாள். அப்போதுதான் நானும் கவனித்தேன். மூலப் படத்தில் ஆயாவின் இரண்டு கன்னத்திலும் வெளுப்பாக ஒரு வட்டம் இருக்கும். செயலி அதைத் துடைத்துவிட்டிருந்தது.

இந்த இடத்தில் என் வேலையைச் சொல்லிவிட வேண்டும். திருவொற்றியூரில் ஒரு பிளெக்ஸ் கடையில் பதினான்கு வருஷமாக டிசைனராக இருக்கிறேன். மஞ்சள் நீராட்டு விழா, காதுகுத்து, கட்சி பேனர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கையால் போகும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "முகத்தக் கொஞ்சம் பிரைட் பண்ணிக் குடுங்க." அது யாருடைய முகம் என்று பார்த்தால் பெரும்பாலும் பெண்ணுடையதாக இருக்கும். வயசுக்கு வந்த பெண், கல்யாணப் பெண், செத்துப்போன அம்மா. எத்தனை முகத்தை வெளுத்திருப்பேன் என்று கணக்கில்லை. அதற்குச் சம்பளமும் வாங்கியிருக்கிறேன். ஆகவே அந்தச் செயலி ஆயாவுக்கு என்ன செய்தது என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. நான் மற்றவர்கள் வீட்டுப் பெண்களுக்குச் செய்வதை அது என் வீட்டுப் பெண்ணுக்குச் செய்திருந்தது.

"நான் வேற போடுறேம்மா" என்றேன்.

எங்கள் வீடு சடையங்குப்பம் பர்மா நகரில். எங்கிருந்து வந்தோம் என்பதைத் தெருவின் பெயரே சொல்லிவிடும். கொசஸ்தலை ஆறு பெருகினால் முதலில் எங்கள் வாசலைத்தான் தொடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அந்தப் படமும் பிரேமோடு தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் அம்மா ஒரு நல்ல காரியம் செய்தாள். ஈரம் காய்வதற்குள் படத்தைக் கண்ணாடியிலிருந்து மெல்லக் கழற்றி, முகம் மேலே இருக்கும்படி துணியில் பரப்பி உலர்த்தினாள். பழைய படங்களில் உருவம் இருப்பது காகிதத்தின் மேலுள்ள ஒரு மெல்லிய ஜெலட்டின் படலத்தில். அது நனைந்து கண்ணாடியோடு ஒட்டிக் காய்ந்துவிட்டால், பிறகு பிரிக்கும்போது முகம் கண்ணாடியோடு போய்விடும். அம்மாவுக்கு ஜெலட்டின் பற்றித் தெரியாது. ஈரத் துணியை எப்படிப் பிரிப்பது என்று தெரியும்.

படம் பிழைத்தது. ஆனால் ஓரத்திலிருந்து பழுப்பாக ஒரு கறை ஏறி, ஆயாவின் தோளைத் தாண்டி இடது கன்னம் வரை வந்திருந்தது. கன்னத்தில் ஏற்கெனவே ஒரு வட்டம், அதன்மேல் ஒரு கறை. எது வெள்ளத்தில் வந்தது, எது 1964இல் ஆயாவே பூசிக்கொண்டது? செயலிக்கு இரண்டும் ஒன்றுதான். முகத்தில் இருக்கக்கூடாத அழுக்கு. நானும் அப்படிச் செய்யாமல் இருக்க வேண்டுமென்றால், இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி வேண்டும்.

முதலில் செய்தது ஸ்கேன். தம்பி, மாட்டியிருந்த படத்தை போனில் எடுத்து, அதை வாட்ஸ்அப்பில் வாங்கி, அதைச் செயலியில் போட்டிருந்தான். படம் அஞ்சலட்டை அளவு, மூன்றரைக்கு ஐந்தரை அங்குலம். அதில் ஆயாவின் முகம் என் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பியதில் ஒரு கண்ணுக்குச் சுமார் இருபத்தைந்து புள்ளிகள்தான் மிஞ்சியிருந்தன. இருபத்தைந்து புள்ளியில் ஒரு கண் இருக்கிறது என்று தெரியும், அது யாருடைய கண் என்று தெரியாது. மிச்சத்தைச் செயலி தனக்குத் தெரிந்த கண்களிலிருந்து நிரப்பிக்கொள்ளும்.

இது எப்படிப் போய் முடியும் என்பதற்கு ஊரறிந்த ஓர் உதாரணம் உண்டு. 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பல்ஸ் என்ற முறையை வெளியிட்டார்கள். மங்கலான முகத்தைக் கொடுத்தால் தெளிவான முகம் தரும். யாரோ பராக் ஒபாமாவின் படத்தைக் கட்டம் கட்டமாக மங்கலாக்கிக் கொடுத்தார்கள். அது ஒரு வெள்ளைக்காரரைத் திருப்பிக் கொடுத்தது. அந்த இயந்திரம் முகம் என்றால் என்ன என்று கற்றுக்கொண்ட படங்களில் எந்த முகங்கள் அதிகமோ, அந்தப் பக்கமே சாய்ந்தது. ஆயாவைப் போன்ற ஒரு முகத்தை அப்படிப்பட்ட இயந்திரம் எத்தனை முறை பார்த்திருக்கும்?

ஆகவே கடையில் இருக்கும் ஸ்கேனரில், அங்குலத்துக்கு 1200 புள்ளி வைத்து ஸ்கேன் செய்தேன். தூசி நீக்குவது, கூர்மையாக்குவது என்று ஸ்கேனர் தானாகச் செய்யும் எல்லாவற்றையும் அணைத்தேன். கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று நினைக்காமல் கலரில் ஸ்கேன் செய்தேன். இதில்தான் விஷயம் இருக்கிறது.

கலரில் ஸ்கேன் செய்த படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தட்டுகளாக இருக்கும். GIMP என்ற இலவச மென்பொருளில் அதைத் தனித்தனியாகப் பிரிக்கலாம். பிரித்தால் மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள் கிடைக்கும். படத்தின் உருவம் வெள்ளித் துகளால் ஆனது. அது ஏறக்குறைய நிறமற்ற சாம்பல், அதனால் மூன்று தட்டிலும் ஒரே மாதிரி தெரியும். வெள்ளக் கறை பழுப்பு. பழுப்பும் மஞ்சளும் நீலத் தட்டில் கறுத்துத் தெரியும், சிவப்புத் தட்டில் கிட்டத்தட்ட மறைந்துபோகும்.

நீலத் தட்டைத் திறந்தேன். தோளிலிருந்து கன்னம் வரை கறை மேகம்போல் அப்பியிருந்தது. சிவப்புத் தட்டைத் திறந்தேன். மேகம் போய்விட்டது, லேசான ஒரு நிழல் மட்டும். இரண்டு கன்னத்து வட்டங்களும் அப்படியே இருந்தன. மூன்று தட்டிலும் அதே இடம், அதே வெளுப்பு. அப்படியானால் அவை வெள்ளித் துகளில் பதிந்தவை. கேமராவுக்கு முன்னால் ஆயாவின் கன்னத்தில் இருந்தவை.

கூர்ந்து பார்த்தால் இன்னும் இரண்டு அடையாளம் இருந்தன. வெள்ளக் கறை முகம், துண்டு, பின்னாலிருக்கும் திரை என்று எதையும் மதிக்காமல் எல்லாவற்றின் மேலும் பரவியிருந்தது. வட்டமோ கன்னத்தின் வளைவோடு வளைந்து அங்கேயே முடிந்தது. ஸ்டுடியோ விளக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து வட்டம் பளிச்சென்றும் மற்றது மங்கியும் இருந்தது. காகிதத்தின்மேல் விழுந்த கறைக்கு விளக்கு தெரியாது.

அது தனக்கா. பர்மாவில் பெண்கள் பூசுகிற மரப்பட்டைக் குழம்பு. கட்டையைத் தண்ணீர் விட்டு வட்டக் கல்லில் உரசி எடுத்துக் கன்னத்தில் பூசுவார்கள், வெயிலுக்குக் குளிர்ச்சி. அங்கே இருந்த தமிழ்ப் பெண்களும் பூசினார்கள். "இங்க வந்த பின்னாடி எங்கம்மா பூசல" என்றாள் அம்மா. "மொத தடவ பூசிக்கினு தண்ணி புடிக்கப் போனப்ப, மூஞ்சில இன்னாது சுண்ணாம்பான்னு கேட்டு சிரிச்சாளுங்களாம். அதோட கல்ல பரண்மேல வச்சிட்டாங்க." ஆயா தன் முகத்தில் தானே விரும்பிப் பூசிக்கொண்ட ஒன்று இருக்கிற ஒரே படம் அது. அதைத்தான் அழுக்கு என்று துடைத்திருந்தோம்.

அடுத்தது கலர். கலர் போடுவது என்றால் புதிதாக முகம் வரைவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு நிறத்தில் மூன்று சங்கதி உண்டு: எவ்வளவு வெளிச்சம், என்ன சாயல், அந்தச் சாயல் எவ்வளவு அழுத்தம். கறுப்பு வெள்ளைப் படம் இதில் முதலாவதை மட்டும் வைத்திருக்கிறது. முகத்தின் அடையாளம், அதாவது மூக்கின் நிழல், கண்ணின் ஓரம், உதட்டின் மடிப்பு எல்லாம் அந்த வெளிச்சத்தில்தான் இருக்கிறது. அதைத் தொடாமல் மற்ற இரண்டை மட்டும் சேர்த்தால் முகம் மாறாது.

GIMPஇல் செய்யும்போது சிவப்புத் தட்டை அடியில் வைத்துப் பூட்டிவிடுவேன். அதன்மேல் வெறும் லேயர் ஒன்று போட்டு, அதன் முறையை `LCh Color` என்று மாற்றுவேன். அந்த லேயரில் எந்த நிறத்தைத் தீட்டினாலும் அதன் சாயலும் அழுத்தமும் மட்டுமே படத்தில் ஏறும், வெளிச்சம் அடியில் உள்ளதாகவே இருக்கும். `HSL Color` என்று இன்னொரு முறையும் இருக்கிறது. அதில் மஞ்சள் தீட்டினால் கண்ணுக்கு இடம் வெளுத்தும், நீலம் தீட்டினால் கறுத்தும் தெரியும். தோலுக்கு அது சரிவராது.

தம்பியின் படத்தில் எது கெட்டது என்பதையும் இப்படியே கண்டுபிடிக்கலாம். அந்தப் படத்தின் வெளிச்சத் தட்டை மட்டும் பிரித்து, என் மூலத்தின்மேல் அளவு பொருத்தி வைத்து, லேயர் முறையை `Difference` என்று மாற்றினேன். இரண்டும் ஒன்றாக இருக்கிற இடம் கறுப்பாகத் தெரியும், வேறுபடுகிற இடம் ஒளிரும். தாத்தாவின் சட்டையும் திரையும் ஏறக்குறையக் கறுப்பாகவே இருந்தன. ஆயாவின் முகம் விளக்கு ஏற்றியதுபோல் ஒளிர்ந்தது. கண் இமை, மூக்கின் பக்கம், தாடைக் கோடு, இரண்டு வட்டம். செயலி இரண்டு வேலை செய்திருக்கிறது: ஒன்று கலர் போட்டது, இன்னொன்று முகத்தைச் 'சீராக்கியது'. இரண்டாவதை அணைக்கும் பொத்தான் அதிலேயே இருந்தது, தம்பி பார்க்கவில்லை. அதை அணைத்துவிட்டு, அது தரும் கலரை மட்டும் எடுத்து மூலத்தின்மேல் `LCh Color` ஆக வைத்தால் பாதி வேலை மிச்சம். முகமும் ஆயாவுடையதாகவே இருக்கும்.

ஆனால் அந்தக் கலரும் பொய்யாக இருந்தது. நானும் முதலில் ஏமாந்தேன். வெளிச்சத்தை மாற்றாமலேயே ஒருத்தியைச் சிவப்பாகக் காட்டலாம். சாயலை ரோஸ் பக்கம் தள்ளினால் போதும். சாயலை வட்டத்தில் டிகிரியாக அளக்கும் கணக்கு ஒன்று உண்டு. அதில் சுழியம் பக்கம் ரோஸ் சிவப்பு, 90 மஞ்சள். செயலி போட்ட தோல் 30க்குப் பக்கம் இருந்தது. ஆயாவுக்கு எது சரி? அவள் இல்லை. அவள் பெண் இருக்கிறாள்.

அம்மாவை வேப்பமர நிழலில் உட்காரவைத்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தேன். தாள் வெள்ளையாகத் தெரியும்வரை படத்தைச் சரிசெய்த பிறகு அவள் முகத்திலிருந்து நிறம் எடுத்தேன். கன்னம் 55க்குப் பக்கம் வந்தது. நெற்றி இன்னும் கொஞ்சம் மஞ்சள் பக்கம். மூக்கு நுனியும் காதும் சிவப்புப் பக்கம். கண்ணுக்குக் கீழே அழுத்தம் குறைந்து சாம்பல். ஒரே பழுப்பை முகம் முழுக்கத் தீட்டினால் மண் பொம்மைபோல் ஆகிவிடும் என்பது இதனால்தான். மூன்று லேயரில், மெல்லிய தூரிகையால், வெளிச்சம் விழும் மேட்டில் அழுத்தத்தைக் குறைத்தும் நிழலில் கூட்டியும் தீட்டினேன். கண்ணின் வெள்ளையை வெள்ளையாக விடவில்லை. யாருக்கும் கண் அப்படி வெளுத்திருப்பதில்லை, லேசான மஞ்சள் கலந்தே இருக்கும்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கம்மா இதவிடக் கறுப்புடி" என்றாள்.

அதுவும் உண்மைதான். ஸ்டுடியோ விளக்கும், தாளில் பிரிண்ட் போட்டவர் எடுத்த நேரமும் சேர்ந்து ஆயாவைக் கொஞ்சம் வெளுத்திருக்கின்றன. இப்போது என்ன செய்வது? அடியில் இருக்கும் வெளிச்சத்தைக் குறைத்து அவளைக் கறுப்பாக்கலாம். அப்படிச் செய்தால் அம்மாவின் ஞாபகத்துக்கு உண்மையாக இருப்பேன், படத்துக்கு இருக்க மாட்டேன். ஆயாவை ஊரில் கறுப்பி என்றே கூப்பிட்டார்கள். அந்தக் கறுப்பால்தான் தாத்தா வீட்டில் ஆயுசுக்கும் பேச்சு வாங்கினாள். அம்மாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் அதே பேச்சு. அதனால் எனக்கும் கை துடித்தது. இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் தொடவில்லை. நல்ல எண்ணத்தோடு ஒரு முறை வெளிச்சத்தைத் தொட்டுவிட்டால், அடுத்தவர் தன் நல்ல எண்ணத்தோடு தொடுவதை எந்த வாயால் தடுப்பேன்?

2021 ஏப்ரலில் நடந்த ஒன்று அப்போது ஞாபகம் வந்தது. கம்போடியாவில் போல் பாட் ஆட்சியின் துவோல் ஸ்லெங் சிறையில், கொல்லப்படுவதற்கு முன் எடுக்கப்பட்ட கைதிகளின் படங்களைக் கலராக்கி மேட் லாஃப்ரி என்பவர் வெளியிட்டார். வைஸ் பத்திரிகை அவர் பேட்டியோடு அதைப் போட்டது. சில முகங்களில் மூலத்தில் இல்லாத சிரிப்பு இருந்தது. கம்போடியாவின் பண்பாட்டு அமைச்சகம் எதிர்த்தது, வைஸ் படங்களை எடுத்துவிட்டது. அதே வேலையை வேறு மாதிரி செய்தவரும் உண்டு. பிரேசிலைச் சேர்ந்த மரீனா அமரல் 2018இல், ஆஷ்விட்ஸ் முகாமில் பதினான்கு வயதில் இறந்த செஸ்லாவா குவோகாவின் படத்துக்குக் கலர் போட்டார். அந்தப் படம் எடுப்பதற்குச் சற்று முன்னால் மேற்பார்வைக்காரி ஒருத்தி அவளை முகத்தில் அடித்தாள் என்று, அங்கே கைதியாக இருந்து அதை எடுத்த வில்ஹெம் பிராஸ்ஸே பின்னாளில் சொன்னார். உதட்டில் காயம் தெரியும். அமரல் அந்தக் காயத்தைக் காயமாகவே விட்டு அதற்கும் நிறம் கொடுத்தார். எங்கள் ஆயாவின் படம் அவ்வளவு பெரிய துயரம் இல்லை. ஆனால் முகத்தில் இருப்பதை வைத்துக்கொள்வதா, நமக்குப் பிடித்ததைச் சேர்ப்பதா என்ற கேள்வி அதேதான்.

தனக்காவின் நிறத்துக்கு, பாரிமுனைப் பக்கம் பர்மாக்காரர் கடை ஒன்றில் ஒரு டப்பா வாங்கிவந்தேன். அம்மா குழைத்து என் கன்னத்தில் வட்டமாகப் பூசிவிட்டாள். ஈரமாக இருக்கும்போது நல்ல மஞ்சளாக இருந்தது. காய்ந்ததும் மஞ்சள் போய், சந்தனத்தில் சாம்பல் கலந்ததுபோல் ஆனது. ஓரத்தில் மெலிந்த இடத்தில் என் தோல் தெரிந்தது. படம் எடுத்து அதிலிருந்து நிறத்தை எடுத்தேன். நான் மனசில் வைத்திருந்த மஞ்சளைவிட அழுத்தம் பாதிகூட இல்லை. அதையே ஆயாவின் கன்னத்தில் ஏற்றினேன். அதுவரை வெளுப்புத் திட்டாக இருந்தது, ஒரு கை பூசியதாக ஆனது.

உதடும் பொட்டும் இன்னும் ஒரு சிக்கல். இரண்டும் படத்தில் கறுப்பாக இருந்தன. பழைய பிலிம்களில் ஒரு வகை சிவப்பு வெளிச்சத்தையே உணராது. அதில் குங்குமமும் வெற்றிலைச் சிவப்பும் மையைப்போல் கறுத்துவிடும். படத்தை மட்டும் வைத்துக்கொண்டு பொட்டு குங்குமமா, சாந்தா என்று சொல்ல முடியாது. செயலி இந்தக் கறுப்பைப் பார்த்து உதட்டுச்சாயம் என்று எடுத்துக்கொண்டுதான் ரோஸ் தீட்டியிருக்கிறது. அம்மா சொன்னாள்: "வெத்தல போடாம எங்கம்மா வாசல் தாண்ட மாட்டாங்க. பொட்டு எப்பவும் குங்குமம்." இரண்டுக்கும் அடர்ந்த செங்காவி கொடுத்தேன்.

கடைசியில் மிச்சம் இருந்தது ஆயா கட்டியிருந்த லுங்கி. மேலே வெள்ளை ரவிக்கை, தலைப்புபோல் ஒரு துண்டு, இடுப்பில் பர்மா லுங்கி. அதன் நிறம் என்ன? நிறத்தைப் பேரால் கேட்டால் ஞாபகம் ஏமாற்றும் என்பதால் கடையில் இருந்த துணி மாதிரி அட்டையைக் கொண்டுவந்தேன். அம்மா யோசிக்காமல் இலைப்பச்சையில் விரல் வைத்தாள். அதே அட்டையை பெரியம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் மெரூனைத் தொட்டார். "உங்கம்மாவுக்கு இன்னா தெரியும், அவ சின்னப் புள்ள" என்றார். இரண்டையும் தீட்டிப் பார்த்தேன். இரண்டும் அந்தச் சாம்பலில் பாந்தமாகப் பொருந்தின. பொருந்தத்தான் செய்யும். பச்சையும் மெரூனும் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாகிவிடலாம். அந்தச் சாம்பலிலிருந்து திரும்பிப் போக வழி கிடையாது. எந்தச் செயலி எவ்வளவு உறுதியாக ஒரு நிறத்தைக் கொடுத்தாலும் அது ஊகம்தான்.

லுங்கியைச் சாம்பலாகவே விட்டேன்.

மாமா பிரிண்டைப் பார்த்ததும் கேட்டார்: "இன்னாம்மா, வேல முடியலியா?" இவ்வளவுதான் தெரியும் மாமா என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "கொஞ்சம் பிரைட்டா போட்டிருக்கலாம்" என்றார். அம்மா படத்தை வாங்கிக்கொண்டாள். "இவங்கதான் எங்கம்மா" என்றாள். மாமா அதற்குமேல் பேசவில்லை.

இரண்டு பிரிண்ட் போட்டோம். ஒன்று கலர். இன்னொன்று எதுவும் தொடாத ஸ்கேன், கறையோடு. கலர்ப் படத்தின் பின்னால் பென்சிலால் எழுதினேன். பேனா மை தண்ணீரில் ஓடிவிடும், பென்சில் ஓடாது. அடுத்த வெள்ளம் வராது என்று எங்கள் தெருவில் யாரும் சொல்ல மாட்டார்கள். தோல்: மகளின் தோலைப் பார்த்துப் போட்டது. தனக்கா: காய்ந்த குழம்பைப் பார்த்துப் போட்டது. பொட்டு, உதடு: மகள் சொன்னது. ரவிக்கை, துண்டு: ஊகம். லுங்கி: தெரியாது. ஒரு மகள் பச்சை என்கிறாள், ஒரு மகள் மெரூன் என்கிறாள்.

கடையில் வேலை அப்படியேதான் போகிறது. போன வாரம் ஒருவர் தன் அம்மாவின் கண்ணீர் அஞ்சலிக்குப் படம் கொண்டுவந்து, பிரைட் பண்ணச் சொன்னார். கூடவே அவர் தங்கை வந்திருந்தாள். அம்மா எப்படி இருப்பாங்க என்று அவளிடம் கேட்டேன். அண்ணனைப் பார்த்தாள், பிறகு தன் முன்கையை நீட்டி, "இந்தக் கலரு" என்றாள். அண்ணன் கேட்டபடி ஒன்று, அவள் கையைப் பார்த்து ஒன்று என்று இரண்டு போட்டுக் காட்டினேன். பேனருக்குப் போனது அண்ணன் கேட்டதுதான். மற்றதைத் தங்கை தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு போனாள்.